திங்கட்கிழமை முதல் எது? இரண்டு பொருள் தரும் வாக்கியத்தைச் சரிசெய்யும் வழிமுறை

கோத்தகிரியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, சங்க அறிவிப்பு, குழுத் தீர்மானம், பஞ்சாயத்துக்கு எழுதும் கடிதம் என்று நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களோடுதான் வேலை. எழுத்துப் பிழை என்றால் கண்ணில் படும், திருத்திக் கொடுத்துவிடலாம். கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கிறது. எழுத்து சரியாக இருக்கும், இலக்கணமும் சரியாக இருக்கும், ஆனால் வாக்கியத்தை இரண்டு விதமாகப் பிரிக்க முடியும். எழுதியவர் ஒரு விதமாகப் பிரித்திருப்பார், படிப்பவர் வேறு விதமாகப் பிரிப்பார். இரண்டு பேருமே சரியாகத்தான் படித்திருப்பார்கள்.

இந்தப் பிழை வெளியே தெரியும் விதங்களையும், ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். முதல் வகைதான் அதிகம் வருவது, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அறிகுறி 1: தேதி, நேரம், இடம் எந்த வினைக்கு உரியது என்பதில் தகராறு

அரவேணு பக்கம் சிறு தேயிலை விவசாயிகளின் குழு ஒன்று. அதன் செயலாளர் அக்கா ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே அடித்துக் கொடுத்தேன்:

"வரும் திங்கட்கிழமை முதல் இலை கொண்டு வராத உறுப்பினர்களுக்கு முன்பணம் வழங்கப்படாது."

இலை எடை போடும் கொட்டகையில் ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலையில், மூன்று மாதமாக அந்தப் பக்கமே வராத உறுப்பினர் ஒருவர் ஒரு மூட்டை இலையோடு வந்து முன்பணம் கேட்டார். "திங்கட்கிழமையிலிருந்து கொண்டு வராதவங்களுக்குத்தான் கிடையாதுன்னு போட்டிருக்கு. நான்தான் கொண்டு வந்துட்டேனே" என்றார். அக்காவுக்குக் கோபம். "இத்தனை நாள் வேற ஏஜென்ட்டுக்கு இலை போட்டவங்களுக்கு இனிமே முன்பணம் இல்லைன்னுதான் தம்பி எழுதினோம்" என்று சீட்டை என் மேசையில் வைத்தார்.

நோட்டீஸின்படி பார்த்தால் அந்த உறுப்பினர் சொன்னதில் தவறே இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

தமிழில் அடைமொழி முன்னால் வரும், அது சேர வேண்டிய சொல் பின்னால் வரும். "திங்கட்கிழமை முதல்" என்று தொடங்கியதும் படிப்பவர் மனம் ஒரு வினையைத் தேடிக்கொண்டே வலப்பக்கம் போகிறது. வழியில் முதலில் அகப்படுவது "கொண்டு வராத". கடைசியில் நிற்பது "வழங்கப்படாது". எதோடு சேர்த்தாலும் பொருள் வருகிறது. அதனால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நான் செய்யும் சோதனை இதுதான்: சந்தேகமான சொல்லை அடிக்கோடிட்டு, அதற்கு வலப்பக்கம் இருக்கும் வினைகளை எல்லாம் எண்ண வேண்டும். முற்று மட்டுமல்ல, பெயரெச்சம், வினையெச்சம் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். பிறகு அடிக்கோடிட்ட சொல்லை ஒவ்வொரு வினையோடும் தனித்தனியாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

"திங்கட்கிழமை முதல் கொண்டு வராத": பொருள் வருகிறது.
"திங்கட்கிழமை முதல் வழங்கப்படாது": பொருள் வருகிறது.

இரண்டிலும் பொருள் வந்தால் பிழை இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் கவலை இல்லை. இதே நோட்டீஸில் "வராத" என்பதற்குப் பதில் "வந்த" என்று இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. "வரும் திங்கட்கிழமை முதல் இலை கொண்டு வந்த உறுப்பினர்களுக்கு முன்பணம் வழங்கப்படும்" என்று படித்துப் பாருங்கள். "வரும் திங்கட்கிழமை" எதிர்காலம், "வந்த" இறந்தகாலம். இரண்டும் ஒட்டாது. அதனால் தேதி தானாகவே கடைசி வினைக்குப் போய்விடுகிறது.

"வராத" அப்படி இல்லை. வந்த, வருகிற, வரும் என்று உடன்பாட்டில் மூன்று காலத்துக்கும் மூன்று வடிவம் இருக்கிறது. எதிர்மறையில் மூன்றுக்கும் சேர்த்து "வராத" ஒன்றுதான். அது காலம் காட்டாது. போன மாதம் வராதவரும் அதில் அடங்குவார், அடுத்த மாதம் வராதவரும் அடங்குவார். எந்தத் தேதியை முன்னால் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். கட்டாத, செலுத்தாத, பதிவு செய்யாத, புதுப்பிக்காத என்று "-ஆத" வடிவம் எங்கே வந்தாலும், அதற்கு முன்னால் ஒரு தேதி இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. அபராதம், கடைசித் தேதி பற்றிய அறிவிப்புகளில் இந்தச் சேர்க்கை அடிக்கடி வருகிறது.

இனி திருத்தம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது காற்புள்ளி:

"வரும் திங்கட்கிழமை முதல், இலை கொண்டு வராத உறுப்பினர்களுக்கு முன்பணம் வழங்கப்படாது."

இது வேலை செய்கிறது. நிறுத்திப் படிக்கும்போது தேதி பக்கத்து வினையை விட்டு விலகி, கடைசி வினையோடு சேர்கிறது. அக்கா நினைத்த பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த உறுப்பினர் படித்த பொருள்தான் வேண்டும் என்றால்? திங்கட்கிழமைக்குப் பிறகு யார் கொண்டு வரவில்லையோ அவர்களுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், காற்புள்ளியை எங்கே வைப்பீர்கள்? வைக்க இடமே இல்லை. பக்கத்துச் சொல்லோடு சேர்வதற்கு நிறுத்தம் கூடாது, நிறுத்தம் இல்லாததைக் காட்ட ஒரு குறியும் கிடையாது. காற்புள்ளி போடாமல் விட்டால், மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று படிப்பவருக்குத் தெரியாது.

காற்புள்ளி ஒரு சொல்லைத் தூரத்துக்குத் தள்ளும், பக்கத்துக்கு இழுக்காது. கீழே வரும் மற்ற வகைகள் சிலவற்றிலும் இதைப் பார்க்கலாம். தூரத்துப் பொருள் வேண்டுமானால் குறியீடு உதவும். பக்கத்துப் பொருள் வேண்டுமானால் வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தூரத்துப் பொருளுக்கும்கூட நான் இப்போது சொல்லை இடம் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம், எங்கள் பக்கம் அறிவிப்பைப் பாதிப் பேர் படிப்பதில்லை, கேட்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, மேடு ஏறிக்கொண்டே ஒருவர் வாசித்துப் போவார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் நிறுத்தம் வரும், நான் காற்புள்ளி வைத்த இடத்தில் வராது.

அக்காவோடு உட்கார்ந்து கடைசியில் எழுதியது இது:

"கடந்த மூன்று மாதங்களில் ஒரு முறைகூட இலை கொண்டு வராத உறுப்பினர்களுக்கு வரும் திங்கட்கிழமை முதல் முன்பணம் வழங்கப்படாது."

இதையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "வரும் திங்கட்கிழமை முதல்" என்பதற்கு வலப்பக்கம் இப்போது "வழங்கப்படாது" ஒன்றுதான் இருக்கிறது. "கடந்த மூன்று மாதங்களில்" என்பதற்கு வலப்பக்கம் இரண்டு வினை இருந்தாலும், "கடந்த மூன்று மாதங்களில் வழங்கப்படாது" என்று சொல்ல முடியாது. அதனால் அது "வராத" என்பதோடு மட்டும்தான் சேரும். காலம் காட்டாத வினைக்கு நாமே ஒரு காலத்தைக் கொடுத்துவிட்டோம்.

மற்றப் பொருள் வேண்டியிருந்தால் பெயரெச்சத்தையே எடுத்துவிட்டு நிபந்தனையாக எழுதுவேன்: "உறுப்பினர்கள் வரும் திங்கட்கிழமை முதல் இலை கொண்டு வர வேண்டும். கொண்டு வராவிட்டால் முன்பணம் கிடையாது." இரண்டு வாக்கியம் ஆகிவிட்டது, பரவாயில்லை. முற்றுப்புள்ளியைத் தாண்டி எந்த அடைமொழியும் போகாது.

இதே வகையில் தினமும் வாயில் வரும் ஒன்று: "மேலாளர் திங்கட்கிழமை வரச் சொன்னார்." சொன்னது திங்கட்கிழமையா, வர வேண்டியது திங்கட்கிழமையா? வர வேண்டிய நாள் என்றால், "திங்கட்கிழமை வர வேண்டும் என்று மேலாளர் சொன்னார்." இங்கே "என்று" ஒரு கதவு மாதிரி. "மேலாளர்" அந்தக் கதவுக்கு வெளியே வந்துவிட்டதால், உள்ளே இருப்பதெல்லாம் அவர் சொன்ன செய்தி என்று ஆகிவிடுகிறது. மேலாளரை முன்னாலேயே விட்டு "மேலாளர் திங்கட்கிழமை வர வேண்டும் என்று சொன்னார்" என்று எழுதினால் இன்னும் மோசம், வர வேண்டியவர் மேலாளர்தான் என்றும் படிக்கலாம். சொன்ன நாள் என்றால், "எங்களை வரச் சொல்லி மேலாளர் திங்கட்கிழமைதான் சொன்னார்" என்று கடைசி வினைக்கு முன்னால் கொண்டு வைத்துவிட வேண்டியதுதான்.

அறிகுறி 2: "யார் வந்தது? அவரா, அவருடைய தம்பியா?"

"நேற்று வந்த மேஸ்திரியின் தம்பியிடம் சாவி இருக்கிறது."

வினைக்குப் பதில் பெயர்கள், மற்றபடி முன்னால் பார்த்த அதே கதைதான். "வந்த" என்பதற்கு வலப்பக்கம் மேஸ்திரி, தம்பி என்று இரண்டு பெயர். வந்தது தம்பி என்றால் அடைமொழியை அவருக்குப் பக்கத்தில் கொண்டு போகலாம்: "மேஸ்திரியின் தம்பி நேற்று வந்தாரே, அவரிடம் சாவி இருக்கிறது." காற்புள்ளி போட்டு "நேற்று வந்த, மேஸ்திரியின் தம்பியிடம்" என்றாலும் தூரத்துப் பெயருக்குத் தள்ளிவிடும். வந்தது மேஸ்திரி என்றால் காற்புள்ளி உதவாது: "நேற்று மேஸ்திரி வந்தாரே, அவருடைய தம்பியிடம் சாவி இருக்கிறது" என்று பிரிக்க வேண்டும்.

பட்டியல் வரும் இடத்திலும் இதேதான். ஒரு மனு முகாமுக்கு அடித்த அறிவிப்பு: "பட்டா இல்லாத விவசாயிகளும் தொழிலாளர்களும் மனு கொடுக்கலாம்." பட்டா வைத்திருக்கும் தொழிலாளி வரலாமா, கூடாதா? அடைமொழி விவசாயிகளுக்கு மட்டும்தான் என்றால், வரிசையை மாற்றினாலே போதும்: "தொழிலாளர்களும் பட்டா இல்லாத விவசாயிகளும் மனு கொடுக்கலாம்." அடைமொழி பின்னால் இருப்பதைத்தான் பிடிக்கும், முன்னால் போய்விட்டதைத் திரும்பிப் பார்க்காது. ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் செய்யக்கூடிய இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேருக்கும் என்றால்: "பட்டா இல்லாதவர்கள், விவசாயிகளானாலும் தொழிலாளர்களானாலும், மனு கொடுக்கலாம்."

அறிகுறி 3: யார் செய்தது, யாருக்கு நடந்தது என்று தெரியவில்லை

பெரியவர் ஒருவர் பஞ்சாயத்துக்குக் கொடுத்த கடிதத்தில் வந்த வரி: "காட்டுப்பன்றி துரத்திய நாய் ஓடையில் விழுந்து கால் ஒடிந்தது." பன்றி நாயைத் துரத்தியதா, நாய் பன்றியைத் துரத்தியதா? அவருடைய புகார் பன்றியைப் பற்றியது. பதிலில் "உங்கள் நாயைக் கட்டி வையுங்கள்" என்று வந்தால் அவர் என்ன செய்வார்?

இதற்குக் காரணம் மறைந்து நிற்கும் "ஐ". அஃறிணைப் பெயருக்கு ஐ உருபைச் சேர்க்காமல் விடுவது தமிழில் இயல்பு. இலை பறித்தேன், டீ குடித்தேன் என்கிறோம், இலையை, டீயை என்று ஒவ்வொரு முறையும் சொல்வதில்லை. அதனால் உருபு இல்லாத "பன்றி" எழுவாயாகவும் இருக்கலாம், ஐ தொக்கு நிற்கும் செயப்படுபொருளாகவும் இருக்கலாம். மனிதர் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. "மேஸ்திரி திட்டிய தொழிலாளி" என்றால் திட்டியது மேஸ்திரிதான். மேஸ்திரி திட்டு வாங்கியவர் என்றால் "மேஸ்திரியை" என்று ஐ வந்தே தீரும்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் இதற்குத் "தடுமாறு தொழிற்பெயர்" என்று பெயர் வைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "புலி கொல் யானை": புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? பின்னால் வரும் சொல்லைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம் என்கிறது அடுத்த நூற்பா. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் உயிரோடு இருப்பது யானை, செத்தது புலி. யானையின் கொம்பு வந்தது என்று தொடர்ந்தால் செத்தது யானை. அருமையான வழி, ஆனால் அதற்கு எல்லை உண்டு. பெரியவரின் கடிதத்தில் பின்னால் வருவது "ஓடையில் விழுந்து கால் ஒடிந்தது". துரத்திய நாயும் விழலாம், துரத்தப்பட்ட நாயும் விழலாம். பின்னால் வரும் சொல் இங்கே கைகொடுக்கவில்லை.

நாய் துரத்தியது என்றால் "பன்றியைத் துரத்திய நாய்" என்று ஐ சேர்த்தால் முடிந்தது. பன்றி துரத்தியது என்றால் கொஞ்சம் கவனம் தேவை. முதலில் நான் "பன்றி துரத்தியதால் நாய் ஓடையில் விழுந்து கால் ஒடிந்தது" என்று எழுதினேன். திரும்பப் படித்தபோது "பன்றி" இன்னும் உருபு இல்லாமலேதான் நின்றது. நாய் பன்றியைத் துரத்தியதால் என்று எடுத்துக்கொள்ள இன்னும் இடம் இருந்தது. கடைசியில்: "காட்டுப்பன்றி எங்கள் நாயைத் துரத்தியது. ஓடையில் விழுந்து நாயின் கால் ஒடிந்தது." துரத்தப்பட்டதற்கு ஐ கொடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது துரத்தியதாகத்தான் இருக்க முடியும். "பன்றியால் துரத்தப்பட்ட நாய்" என்றும் எழுதலாம், தவறில்லை, ஆனால் அந்தப் பெரியவர் பேச்சில் அப்படி ஒரு வடிவம் வராது. அவர் கையெழுத்துப் போடும் கடிதம் அவர் பேசுவது போல இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒற்றெழுத்தும் நிறுத்தற்குறியின் வேலையைச் செய்யும். "அவர் தந்த பெட்டி" என்றால் அவர் கொடுத்த பெட்டி. "அவர் தந்தப் பெட்டி வைத்திருக்கிறார்" என்றால் யானைத் தந்தத்தால் ஆன பெட்டி. ஒரு "ப்"தான் வித்தியாசம், அதனால் ஒற்றை விருப்பப்படி போட்டு எடுக்கக் கூடாது.

அறிகுறி 4: "இல்லை" எதை இல்லை என்கிறது?

இதில்தான் காற்புள்ளி கெடுதல் செய்யும்.

மழைக்காலத்தில் மண் சரிந்த சாலைகளுக்குத் தடுப்புச் சுவர் கேட்டு நிறைய மனு அடித்திருக்கிறேன். அதில் ஒன்று: "திட்டத்தில் சொன்னபடி தடுப்புச் சுவர் கட்டப்படவில்லை." மனு கொண்டு வந்தவரிடம் கேட்டேன், "அண்ணா, சுவர் இருக்கிறதா, இல்லையா?" "இருக்கு தம்பி, ஆனா இடுப்பு உயரம்தான். திட்டத்தில் ஆள் உயரம்னு போட்டிருக்கு." வாக்கியத்தைப் படிக்கும் அதிகாரி, சுவரே இல்லை என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு "சுவர் உள்ளது" என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிடலாம்.

"சொன்னபடி" என்பதை மறுக்கிறதா, "கட்டப்பட்டது" என்பதையே மறுக்கிறதா என்பது "-வில்லை"யில் தெரியாது. சரி, காற்புள்ளி போட்டால்? "திட்டத்தில் சொன்னபடி, தடுப்புச் சுவர் கட்டப்படவில்லை." காற்புள்ளி "சொன்னபடி"யை மறுப்புக்கு வெளியே தள்ளிவிட்டது. இப்போது, சுவர் கட்டப்போவதில்லை என்று திட்டத்திலேயே சொல்லியிருந்தது, அதன்படி கட்டவில்லை என்று ஆகிறது. புகாரே இல்லாமல் போய்விட்டது.

இந்த வகைக்கு நான் கண்ட ஒரே மருந்து, நடந்ததை உடன்பாட்டில் சொல்லிவிட்டு, நடக்காததைத் தனியாகச் சொல்வது: "தடுப்புச் சுவர் கட்டப்பட்டுள்ளது. ஆனால் அது இடுப்பு உயரம்தான் இருக்கிறது. திட்டத்தில் சொன்ன உயரம் ஆள் உயரம்." சுவரே இல்லை என்றால் "கட்டப்படவே இல்லை" என்று ஏகாரம் கொடுத்தால் மறுப்பு வினையின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

"எல்லாருக்கும் போனஸ் கிடைக்கவில்லை" என்பதும் இதே இனம்தான். ஒருவருக்கும் இல்லை என்றால் "யாருக்குமே கிடைக்கவில்லை". சிலருக்கு வந்து சிலருக்கு வரவில்லை என்றால் "சிலருக்குத்தான் கிடைத்தது". எத்தனை பேர் என்று தெரிந்தால் எண்ணையே போட்டுவிடுங்கள்.

அடித்து முடித்த பிறகு

கொண்டு வந்தவரிடம் "சரியா இருக்கா?" என்று நான் கேட்பதில்லை. எழுதியவருக்குத் தன் வாக்கியம் எப்போதும் சரியாகத்தான் தெரியும், பொருளை மனதில் வைத்துக்கொண்டுதானே படிக்கிறார். ஜெராக்ஸ் எடுக்க வரிசையில் நிற்கும் வேறு யாரிடமாவது தாளைக் கொடுத்து, வாக்கியத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்கிறேன். "எந்த நாளிலிருந்து முன்பணம் இல்லை?" "சுவர் இருக்கா?" "யார் யாரைத் துரத்தியது?" பதில் தயங்கி வந்தாலோ, "எதைக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டாலோ, தாளை வாங்கிக்கொண்டு மறுபடி கணினி முன் உட்கார்ந்துவிடுவேன்.